இரண்டு கட்டம் பின்னிப் பார்த்தால் தெரியும்

கும்மிடிப்பூண்டி பஜாரின் ஃபேன்சி ஸ்டோர்களில் உல்லன் நூல் கிடைக்காமல் இல்லை. ஆனால் அவை பள்ளிக் கைவேலைக்கும் வாசல் தோரணத்துக்கும் வாங்குகிற சின்ன உருண்டைகள். ஒரு போர்வைக்கு வேண்டிய நூல், அதுவும் ஒரே நிறத்தில், ஒரே லாட் நம்பரில் வேண்டுமென்றால் ரயிலேறிப் பாரிமுனைக்குத்தான் போக வேண்டும். லாட் நம்பர் என்பது ஒரே சாயத் தொட்டியில் நனைந்த நூலுக்கு ஆலை போடும் அடையாளம். அதே நிறப் பெயரில் வேறு லாட் வாங்கிச் சேர்த்தால், கடை விளக்கில் தெரியாத வித்தியாசம் பகல் வெளிச்சத்தில் பட்டையாகத் தெரியும். பாதிப் போர்வையில் கணக்கு உதைத்து, பிரித்து, நூல் போதாமல் மறுபடி கடைக்குப் போனால் அந்த லாட் அங்கே இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதனால் நூல் வாங்கும் முன்பே தாளில் எழுதியிருப்பதைச் சோதித்துவிடுவது என் பழக்கம். முன்பின் தெரியாதவர் எழுதிய தாள் என்றால் கட்டாயம் சோதிப்பேன்.

எங்கள் தெருவில் ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருக்கிறது. குடும்பத் தலைவர் சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் வேலை செய்கிறார். அவருடைய மனைவியை நான் தீதி என்று கூப்பிடுவேன், அவர் என்னை அக்கா என்பார். ராஞ்சியில் இருக்கும் தம்பிக்குக் குழந்தை பிறக்கப்போகிறது என்று போர்வை பின்ன ஆசைப்பட்டார். அவர் கை அவ்வளவு நேர்த்தி. ஆனால் இந்த முறை பார்த்துப் பின்ன வேண்டியது யாரோ ஆங்கிலத்தில் எழுதியது, கைமாறிக் கைமாறிப் போனில் வந்த படம்.

"எங்க ஊர்ல அம்மா கையைப் பாத்துப் பின்னுவோம் அக்கா. பேப்பர் பாத்து இல்ல. நீங்க படிச்சுச் சொல்லுங்க" என்றார்.

வடிவம் புதிதல்ல. ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகளின் சால்வைகளில் பெயர் பெற்ற அலை வடிவம் அது. நான்கு வரிசையில் முடிந்துவிடும். முதல் வரிசை நிட், இரண்டாவது பர்ல், மூன்றாவதில் மட்டும் வேலைப்பாடு, நான்காவது மறுபடி நிட். வேலைப்பாட்டு வரிசையில் சில இடத்தில் இரண்டிரண்டு கண்ணியைச் சேர்த்துப் பின்னிச் சுருக்குவார்கள். சில இடத்தில் ஊசியின் மேல் நூலைச் சும்மா ஒரு சுற்றுப் போட்டு ஓட்டையும் புதுக் கண்ணியும் உண்டாக்குவார்கள். சுருக்கிய இடம் தாழ்ந்து, விரிந்த இடம் எழும்பி, துணி அலையடிக்கும். ஒரு கட்டத்துக்கு 18 கண்ணி. அந்தக் கட்டம்தான் வரிசை முழுக்கத் திரும்பத் திரும்ப வரும்.

தாளில் மூன்று அளவு போட்டிருந்தது: 80, 116, 152 கண்ணிகள். தீதிக்கு வேண்டியது நடு அளவு. மூன்றாம் வரிசையை அந்தத் தாள் இப்படிச் சொன்னது: முதலில் 4 நிட். பிறகு நட்சத்திரக் குறிக்குள், சுற்றும் நிட்டும் மூன்று முறை, இரண்டைச் சேர்ப்பது ஆறு முறை, சுற்றும் நிட்டும் இரண்டு முறை, ஒரு சுற்று. நட்சத்திரம் முடிகிறது. கடைசியில் 5 நிட்.

இதைச் சரிபார்க்க ஊசி தேவையில்லை, பென்சில் போதும். ஒவ்வொரு செயலும் இடது ஊசியிலிருந்து எத்தனை கண்ணியை எடுக்கிறது, வலது ஊசிக்கு எத்தனை கொடுக்கிறது என்று தனித்தனியாக எழுத வேண்டும். நிட் ஒன்றை எடுத்து ஒன்றைக் கொடுக்கும். சேர்ப்பது இரண்டை எடுத்து ஒன்றைக் கொடுக்கும். சுற்று எதையும் எடுக்காது, ஒன்றைக் கொடுக்கும். பலரும் கொடுப்பதை மட்டும் எண்ணுவார்கள், ஏனென்றால் வரிசை முடிந்ததும் கண்ணில் படுவது அதுதான். எடுப்பதையும் எண்ணினால்தான் கட்டம் எங்கே முடிகிறது என்று தெரியும்.

ஒரே ஒரு கட்டம் வைத்துப் பார்த்தேன். 116-இல் ஆறு கட்டம் போக இரு ஓரத்துக்கும் எட்டு, நடுவில் 18, ஆக 26 கண்ணி. தாள் சொல்வது முதலில் 4 எடுக்கிறது, நட்சத்திரத்துக்குள் 17, கடைசியில் 5. மொத்தம் 26. கொடுப்பதும் 26. ஒன்றும் குறையவில்லை, மிஞ்சவும் இல்லை. ஒரு கட்டம் மட்டும் பின்னிப் பார்ப்பவர் இந்த இடத்தில் திருப்தியோடு எழுந்து ரயிலுக்குக் கிளம்பிவிடுவார்.

இரண்டு கட்டம் வைத்தால் 44 கண்ணி வேண்டும். தாள் எடுப்பது 4, இரண்டு பதினேழு, 5, ஆக 43. ஒன்று மிஞ்சியது. மூன்று கட்டத்துக்கு 62. தாள் எடுப்பது 60, மிஞ்சியது இரண்டு. ஆறு கட்டம் உள்ள தீதியின் போர்வையில் ஐந்து மிஞ்சும்.

நான் சொல்ல வந்த விஷயமே இந்த மிச்சம் வளரும் விதம்தான். கட்டங்களைக் கூட்டும்போது மிச்சம் மாறாமல் ஒரே அளவில் நின்றால் தவறு ஓரத்தில் இருக்கிறது. கட்டத்துக்கு ஒன்று என்று ஏறிக்கொண்டே போனால் தவறு நட்சத்திரத்துக்குள் இருக்கிறது. இங்கே ஒரு கட்டத்தில் பூஜ்யம், இரண்டில் ஒன்று, மூன்றில் இரண்டு. அதாவது உள்ளே ஒரு கண்ணி குறைகிறது, ஓரத்தில் ஒரு கண்ணி கூடுகிறது. ஒரு கட்டத்தில் இரண்டும் ஒன்றையொன்று மறைத்துவிடுகின்றன. அதனால்தான் இரண்டு கட்டத்துக்குக் குறைந்த சோதனையை நான் சோதனையாகவே எண்ணுவதில்லை. மூன்றாவது கட்டம், ஊகித்தது சரிதானா என்று உறுதி செய்ய.

தவறு எப்படி நுழைந்திருக்கும் என்பதும் புரிந்துவிட்டது. கட்டத்தின் கடைசி நிட், முடிவு நட்சத்திரத்துக்கு உள்ளே இருக்க வேண்டியது. அந்த நட்சத்திரம் ஒரு கண்ணி முன்னால் விழுந்துவிட்டதால் அந்த நிட் வெளியே போய், ஓரத்தின் நான்கோடு சேர்ந்து ஐந்தாகிவிட்டது. எழுதியவருக்குப் பின்னத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். படத்தில் இருந்த போர்வை அழகாக, சரியாகவே இருந்தது. அவர் கை சரியாகப் பின்னியதை எழுதும்போது குறி இடம் மாறியிருக்கிறது. படம் அழகாக இருப்பதை வைத்துத் தாளை நம்ப முடியாது.

ஆனாலும் ஒரு சந்தேகத்துக்கு விடை வேண்டும். நட்சத்திரம் சரி, கண்ணி எண்ணிக்கைதான் தவறு என்றும் ஒருவர் வாதாடலாமே? 17 கண்ணிக் கட்டம் ஆறும் ஓரத்துக்கு ஒன்பதும் என்றால் 111 வரும்; தாளில் 116 என்று தப்பாகப் போட்டிருக்கலாமே? இதற்கு மற்ற இரண்டு அளவுகள்தான் சாட்சி. 80-க்கும் 116-க்கும் வித்தியாசம் 36. 116-க்கும் 152-க்கும் 36. ஓரம் எத்தனை என்று தெரியாமலே இந்தக் கழித்தலைச் செய்யலாம், ஏனென்றால் ஓரம் எல்லா அளவிலும் ஒன்றுதான். கூடுவது முழுக் கட்டங்கள் மட்டுமே. 36-இல் 18 இரண்டு முறை போகும், 17 மீதமின்றிப் போகாது. எழுதியவர் மனதில் இருந்தது 18 தான்.

தீதிக்கு இந்தக் கழித்தல் பிடித்துப்போயிற்று. ஆனால் கையில் பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றார். அது நியாயமான பேச்சு.

மாதிரிக்கு நல்ல நூல் எதற்கு? ஆலைகளில் கொடுக்கும் வெள்ளைக் காட்டன் கிளவுஸ் பின்னிய துணிதான். துவைத்துக் காயவைத்த பழைய ஜோடியின் மணிக்கட்டு ஓரத் தையலை வெட்டிவிட்டு, அந்தப் பக்கத்திலிருந்து இழுத்தால் நூல் சரசரவென்று பிரிந்து வரும். முரடாக இருக்கும், கண்ணி எண்ணுவதற்கு அது இன்னும் வசதி. அதில் தாளில் உள்ளபடியே இரண்டு கட்டம், 44 கண்ணி போட்டார் தீதி.

மூன்றாம் வரிசையின் முடிவில் மிஞ்சிய ஒரு கண்ணியை, பழக்கதோஷத்தில் பின்னுபவர் யாரும் செய்வது போல, நிட்டாகவே பின்னிவிட்டார். எண்ணினால் 44. கட்டம் எடுப்பதும் 17, கொடுப்பதும் 17 என்பதால் வரிசை முடிவில் எண்ணுகிறவருக்குத் தவறு தென்படவே தென்படாது. அது வேறு இரண்டு இடத்தில் தெரிந்தது. ஒன்று, கட்டங்கள் சேரும் இடம். முதல் கட்டம் சுற்றில் முடிகிறது, அடுத்தது சுற்றில் தொடங்குகிறது. நடுவே நிட் இல்லாததால் ஊசியில் இரண்டு சுற்று அடுத்தடுத்து விழுந்துவிட்டது. தாளிலேயே கட்டத்தை இரண்டு முறை தொடர்ந்து படித்தால் இது கண்ணில் படும். ஒரு முறை படித்தால் படாது. அடுத்தடுத்த இரண்டு சுற்றில் ஒன்றை நிட்டும் ஒன்றைப் பர்லுமாகப் பின்னினால்தான் இரண்டு கண்ணி நிற்கும். நான்காம் வரிசை முழுக்க நிட் என்பதால் அங்கே ஒன்று நழுவி, பெரிய ஓட்டை ஒன்று விழுந்தது, கண்ணி 43 ஆனது. கண்ணி குறைந்தது நான்காம் வரிசையில், பிழை இருந்தது மூன்றாம் வரிசையில். தாளைச் சோதிக்காமல் பின்னியிருந்தால் தீதி நான்காம் வரிசையைத்தான் பிரித்துப் பிரித்துப் பின்னிக்கொண்டிருப்பார்.

இரண்டாவது, ஓரம். வலப்பக்கம் 4 கண்ணி, இடப்பக்கம் தாள் சொன்ன ஐந்தும் மிஞ்சிய ஒன்றுமாக ஆறு. முழுப் போர்வையில் அது பத்தாகியிருக்கும், பார்ப்பவர் எல்லோருக்கும் தெரியும் அளவுக்கு.

நட்சத்திரத்தை ஒரு கண்ணி தள்ளி வைத்து, கடைசியை 4 நிட் ஆக்கி, மூன்று கட்டத்துக்கு 62 கண்ணியில் மறுபடி பின்னினார். நான்கு வரிசையையும் இரண்டு முறை செய்யச் சொன்னேன். ஒரு முறை செய்தால் கணக்கு தெரியும். இரண்டாவது முறைதான் அலை அலையின் மேல் உட்காருகிறதா என்று காட்டும். எண்ணிக்கை சரியாக இருந்துகொண்டே வடிவம் தவறாகலாம். நிட் வர வேண்டிய இடத்தில் பர்ல் என்று அச்சாகியிருந்தால் எந்தக் கூட்டலும் அதைக் காட்டாது. சுற்றும் சேர்ப்பும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று இருந்தாலும் அப்படித்தான். அதற்குத் துணியைப் படத்தோடு வைத்துக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். மறுபுறம், எண்ணிக்கை மாறுவதெல்லாம் பிழையும் அல்ல. சில லேஸ் வடிவங்களில் ஒரு வரிசையில் கண்ணி கூடி, சில வரிசை கழித்துத்தான் பழைய எண்ணுக்குத் திரும்பும். அவற்றில் வடிவம் ஒரு முறை முழுதாக முடிந்த பிறகு தொடங்கிய எண் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

62 கண்ணியில் வலமும் இடமும் நான்கு நான்காக நின்றது, பெரிய ஓட்டை இல்லை, இரண்டாவது அலை முதல் அலையின் மேல் பொருந்தியது. கிளவுஸ் நூல் மாதிரி போர்வையின் அகலத்தைச் சொல்லாது. நூலின் பருமன் மாறினால் அகலமும் மாறும். எவ்வளவு நூல் என்பதற்கும் தாளை அப்படியே நம்ப நான் தயாரில்லை. அதற்கு முதலில் பாரிமுனையில் ஒரே ஒரு உருண்டை வாங்கி, அதே மூன்று கட்டத்தைப் பின்னி, ஸ்கேலால் அளந்து, ஒரு உருண்டை எவ்வளவு நீளம் வருகிறது என்று பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. கடைக்காரரிடம் அந்த லாட்டில் மீதியை ஒரு வாரம் எடுத்துவைக்க முடியுமா என்றும் கேட்க வேண்டும். தீதி திருத்திய வரியைத் தன் நோட்டில் இந்தியில் எழுதிக்கொண்டார். பக்கத்தில் 80, 116, 152 என்று போட்டு, ஒவ்வொன்றிலும் எட்டைக் கழித்து, நான்கு, ஆறு, எட்டு என்று கட்டங்களையும் தானே வகுத்து எழுதி என்னிடம் நீட்டினார்.