தண்ணீர்ப் போத்தலின் கழுத்தைப் படமெடுங்கள்

குண்டசாலைக்கு வேலை தேடி வந்த நாளிலிருந்து தண்ணீர் நிரப்பும் ஒரு சிறிய தொழிற்கூடத்தில் பொதி கட்டுகிறேன். போத்தலில் திகதி அடிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே எனது மேசை. அதனால் ஊரிலுள்ள சகோதரிகள் போத்தலைப் படமெடுத்து, "அக்கா, இது நல்லதோ?" என்று கைத்தொலைபேசியில் கேட்பார்கள். சிறு கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி முக்கியமானது. காலாவதியான பொருளை விற்றால் கடைக்காரிதான் நீதிமன்றம் போகவேண்டும். கொண்டுவந்து இறக்கிய வாகனம் அதற்குள் எங்கோ போயிருக்கும்.

2024 ஆகஸ்ட் மாதத்தில் கிளிநொச்சியிலிருந்து ஒரு தங்கச்சி இப்படி ஒரு படம் அனுப்பினாள். 2009இல் செட்டிகுளம் முகாமில் ஒரே கூடாரத்தில் இருந்தவள். கணவர் இல்லை. கடன் எடுத்துச் சின்னக் கடை நடத்துகிறாள். வாகனத்தில் வந்த ஒருவரிடம் அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஐந்து பெட்டி, மொத்தம் 120 போத்தல், வழக்கத்தை விடக் குறைந்த விலைக்கு வாங்கியிருந்தாள். விலை குறைவு என்பதாலேயே அவளுக்குச் சந்தேகம் வந்திருந்தது.

அவள் அனுப்பிய படத்தில் போத்தலின் முன்பக்கம் மட்டுமே தெரிந்தது. முன்பக்கத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நிறமும் மலைப் படமும் பெயர்போன போத்தலைப் போலவே இருக்கும், பெயரில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும். எனவே மூன்று படங்கள் கேட்டேன். பெயரும் உற்பத்தியாளர் விலாசமும் சேர்ந்து தெரிய ஒன்று. தர முத்திரையும் அதனோடுள்ள இலக்கமும் தெரிய ஒன்று. திகதி அடித்த கழுத்துப் பகுதி தெரிய ஒன்று. வெளிச்சம் படும் நிழலில் வைத்து, மின்விளக்கு அடிக்காமல், போத்தலுக்குப் பின்னால் வெள்ளைத் தாள் பிடித்து எடுக்கச் சொன்னேன். கழுத்து வளைந்திருப்பதால் சற்றுத் திருப்பி இரண்டாவது படமும் தேவைப்படும்.

முதலில் முத்திரையைப் பார்த்தேன். எஸ்.எல்.எஸ். என்ற முத்திரையை இலங்கை கட்டளைகள் நிறுவனம் வழங்குகிறது. பலர் அந்த மூன்று எழுத்தைக் கண்டதும் திருப்தியடைந்து விடுகிறார்கள். ஆனால் அதனோடுள்ள இலக்கம்தான் எந்தப் பொருளுக்கான கட்டளை என்பதைச் சொல்கிறது. போத்தலில் அடைத்த குடிநீருக்கு 894. வாயு ஏற்றிய சோடா, இனிப்புப் பானங்களுக்கு 183. தண்ணீர்ப் போத்தலில் 183 இருந்தாலோ, இலக்கமே இல்லாமல் எழுத்துகள் மட்டும் இருந்தாலோ, வேறு எங்கிருந்தோ முத்திரையை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்க வேண்டும். தண்ணீருக்குச் சுகாதார அமைச்சின் பதிவு இலக்கமும் லேபலில் இருக்க வேண்டும். தங்கச்சியின் போத்தலில் 894 தெளிவாக இருந்தது, பதிவு இலக்கமும் இருந்தது. கோட்டுக் குறியீட்டின் இலக்கங்கள் 479 என்று தொடங்கின. அது இலங்கையில் கொடுக்கப்படும் தொடக்க இலக்கம். ஆனால் அந்தக் கம்பனி எங்கே பதிந்தது என்பதைத்தான் 479 காட்டும். போத்தல் எங்கே நிரம்பியது என்பதற்கு அது சாட்சியல்ல.

இதுவரை எல்லாம் சரி. அடுத்தது கழுத்து. உற்பத்தித் திகதி 28.12.23 என்றும், காலாவதித் திகதி 27.12.24 என்றும் இருந்தன. ஒரு வருட ஆயுள், இன்னும் நான்கு மாதம் மிச்சம். பார்ப்பவர் இத்துடன் நிறுத்திவிடுவார். ஆனால் அந்த வரிகளுக்குக் கீழே 23184 என்று ஒரு தொகுதி இலக்கமும், அருகே தனியாக 2 என்றும் இருந்தன. திகதி எழுத்துகள் சற்றுக் கலங்கியிருந்தன. தொகுதி இலக்கத்தின் புள்ளிகளோ கூர்மையாக இருந்தன.

எங்கள் தொழிற்கூடத்தில் தொகுதி இலக்கம் வருடத்தின் நாளைக் காட்டும். முதல் இரண்டு இலக்கமும் வருடம், அடுத்த மூன்றும் ஜனவரி முதலாம் திகதியிலிருந்து எண்ணிய நாள். கடைசியில் வருவது வேலை முறை. எல்லாக் கம்பனிகளும் இப்படி அடிப்பதில்லை என்பதால், எங்கள் கணக்கை அந்தப் போத்தலில் அப்படியே போட முடியாது. அதே பெயருள்ள போத்தல் ஒன்றை நம்பிக்கையான வேறு கடையில் வாங்கிப் படம் அனுப்பச் சொன்னேன். அதில் உற்பத்தித் திகதி 08.05.24, தொகுதி இலக்கம் 24129. எண்ணிப் பாருங்கள். 2024 லீப் வருடம் என்பதால் பெப்ரவரிக்கு 29 நாள். ஜனவரி 31, அதோடு 29 சேர்த்து 60, மார்ச் முடிய 91, ஏப்ரல் முடிய 121, மே 8 வந்தால் 129. பொருந்துகிறது. ஆகவே இந்தக் கம்பனியும் வருடத்தையும் நாளையும்தான் அடிக்கிறது.

இப்போது 23184ஐ வாசிக்கலாம். 2023 லீப் வருடமல்ல. ஜூன் முடிய 181 நாள், ஆகவே 184ஆவது நாள் ஜூலை 3. டிசம்பர் 28இல் நிரப்பியிருந்தால் 23362 என்று இருந்திருக்க வேண்டும். அப்படியானால் உண்மையான காலாவதி 2024 ஜூலை 2. ஆகஸ்டில் அந்தப் போத்தல்கள் ஏற்கெனவே காலங்கடந்தவை. யாரோ பழைய திகதியைத் துடைத்துப் புதிதாக அடித்திருக்கிறார்கள். தொகுதி இலக்கத்தை விளங்காததால் அதை விட்டுவிட்டார்கள். இன்னும் பிரிக்காத ஒரு பெட்டியின் நடுவிலிருந்து போத்தல் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். அதன் கழுத்தில் 03.07.23 என்று துடைக்கப்படாமலே இருந்தது.

அவள் விற்பதை நிறுத்தி, பெட்டிகளைத் தனியாக வைத்து, கையால் எழுதிய பற்றுச்சீட்டோடும் வாகன இலக்கத்தோடும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொன்னாள். அவர் மாதிரி எடுத்துக்கொண்டார். கொடுத்த பணத்தில் பாதிதான் அவளுக்குத் திரும்பி வந்தது. ஆனால் வழக்கு அவள் பெயரில் வரவில்லை. பரிசோதகரைச் சந்திக்க முடியாதவர்கள் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம்.

படம் எதைக் காட்டாது என்பதையும் சொல்ல வேண்டும். திகதி சரியாக இருக்கும் போத்தலிலும் வெறும் போத்தலை மீண்டும் நிரப்பிய தண்ணீர் இருக்கலாம். அதைக் கையில் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். மூடியைத் திருகும்போது வளையம் படபடவென்று பிரிய வேண்டும், வளையம் முன்பே உடைந்திருந்தால் குடிக்க வேண்டாம். தலைகீழாகப் பிடித்து அமத்தினால் ஒரு சொட்டும் கசியக்கூடாது. தண்ணீருக்குள் கிருமி உண்டா என்பதை ஆய்வுகூடம் மட்டுமே சொல்லும். போத்தலின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் 1 என்ற இலக்கம் பிளாஸ்டிக்கின் வகையைச் சொல்வது. அதைத் தரச் சான்றென்று நினைக்க வேண்டாம்.

வாகனம் வந்து பெட்டியை இறக்கும்போதே கழுத்தைப் படமெடுத்துவிடுங்கள். ஒரு பெட்டியில் மேல் வரிசையில் ஒன்று, நடுவில் ஒன்று. இரண்டிலும் திகதியும் தொகுதி இலக்கமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள். பற்றுச்சீட்டு தர மறுப்பவரிடம் ஒரு பெட்டியும் இறக்க விடாதீர்கள்.