அம்மாவுக்காக வெட்டிய 52 விநாடி

சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில் துவாஸ் பக்கம் உள்ள ஒரு தொழிலாளர் விடுதியில், இரட்டை அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில் உட்கார்ந்து, புதுக்கோட்டைப் பக்கத்து இளைஞர் ஒருவர் தன் அம்மாவுக்குப் பொங்கல் வாழ்த்து வீடியோ வெட்டிக்கொண்டிருந்தார். பகலில் கம்பி கட்டும் வேலை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, அறையில் விளக்கை அணைக்கும்வரை கிடைக்கும் நேரம்தான் இந்த வேலைக்கு. அறையில் மற்றவர்களும் தங்கள் வீடியோக்களை அவரிடமே கொண்டுவருகிறார்கள் என்பதால், அந்தக் கட்டிலை ஒரு சிறு பட்டறை என்றே சொல்லலாம். அங்கே கண்டதையும் கேட்டதையும் வைத்து நான் சொல்ல வருவது இதுதான்: வீட்டுக்கு அனுப்பும் வாழ்த்து வீடியோவை வெட்டுவது தனியான ஒரு கைவேலை. கைப்பேசியில் வீடியோ வெட்டக் கற்றுத்தருபவர்கள் சொல்லும் விதிகளில் பெரும்பாலானவை இதற்குப் பொருந்தாது. அந்த விதிகள் முன்பின் தெரியாதவர்களைப் பிடித்து நிறுத்துவதற்காக உண்டானவை. அம்மாவைப் பிடித்து நிறுத்த வேண்டியதில்லை.

அந்த விதிகள் என்னவென்று பார்த்தால் வித்தியாசம் புரியும். இரண்டு விநாடிக்கு ஒரு முறை காட்சி மாற வேண்டும். பாட்டின் தாளத்தில் வெட்டு விழ வேண்டும். ஒரு காட்சியிலிருந்து அடுத்ததற்குச் சுழன்றோ பளிச்சிட்டோ போக வேண்டும். விரலால் தள்ளிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடக் கூடியவரை மனத்தில் வைத்தால் இதெல்லாம் நியாயமே. இந்த இளைஞரும் முதலில் அப்படித்தான் செய்தார். செயலியில் தயாராகக் கிடைத்த ஓர் அச்சில் 14 துண்டுகளைப் போட்டு, 30 விநாடியில் முடித்து, மெரினா பே கட்டடங்களோடு தொடங்கினார். எடுத்தவுடன் கண்ணைப் பறிக்கும். அதைப் பார்த்த மேல்தட்டு அண்ணன் ஒருவர், “தம்பி, இதுல உன் மூஞ்சி எங்கயுமே நிக்கலையே” என்றார். இந்தத் தொழிலின் அடிப்படையே அந்த ஒரு வரியில் இருக்கிறது. பிள்ளையை நேரில் பார்த்து வருடக்கணக்காகிவிட்ட தாய், வீடியோ வந்ததும் என்ன சொல்கிறான் என்று கேட்பதற்கு முன்பே அவனைத்தான் பார்க்கிறார். கன்னம் ஒட்டியிருக்கிறதா, கறுத்துவிட்டானா, கை இளைத்திருக்கிறதா, சட்டை கசங்கியிருக்கிறதா என்று அவர் பார்வை ஓடும். அதற்கு இரண்டு விநாடி போதாது.

இரண்டாவது தடவை வெட்டியது எப்படி என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடுதி மைதானத்தில் எடுத்த பேச்சு நான்கு நிமிடத்துக்கு மேல் இருந்தது. அதில் பாதி தொண்டையைச் செருமுவதும், “அம்மா... அப்புறம்...” என்று நிற்பதும், சொன்னதையே திரும்பச் சொல்வதும். கம்பியும் சிமெண்டும் பட்டு விரல் நுனி காய்ந்து தடித்திருப்பதால் தொடுதிரை பல நேரம் அவர் விரலை உணர்வதே இல்லை. காலவரிசைப் பட்டையை இரண்டு விரலால் நன்றாக அகட்டி, ஒரு விநாடி திரையின் பாதி அகலத்துக்கு விரியும்வரை பெரிதாக்கிக்கொண்டு, அதன்பிறகுதான் வெட்டுக் கோட்டை நகர்த்தினார். முடிவில் ஆறே துண்டுகள். முகம் அருகில் தெரிய, “அம்மா, பொங்கல் வாழ்த்தும்மா” என்று தொடங்கும் 9 விநாடி. எதுவும் பேசாமல் முழு உருவமும் தெரிய நடந்து வரும் 8 விநாடி. கட்டிலும் அதையொட்டிய தட்டும் 6. பொதுச் சமையல்கூடத்தில் நண்பர்களோடு சோறு வடிக்கும் 10. மறுபடி முகம், விசாரிப்பு, 14. கடைசியில் வாயை மூடிக்கொண்டு கேமராவைப் பார்த்தபடி 5. மொத்தம் 52 விநாடி. மெரினா பே போய்விட்டது. அழகான காட்சிதான், ஆனால் அதில் அவர் ஓர் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கே இருந்தார்.

இதில் என்னைக் கவர்ந்தவை நடையையும் கட்டிலையும் காட்டும் இரண்டு துண்டுகள். தொழில் தெரிந்த யாரும் வெறும் நடையை 8 விநாடி விடமாட்டார்கள், தொய்வு என்பார்கள். தொய்வு என்பது பார்ப்பவருக்கு அலுக்கும் நேரம். இங்கே பார்ப்பவருக்கு அலுப்பு வருவதே அபூர்வம். நடப்பதைப் பார்த்தால்தான் உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரியும். கட்டிலைக் காட்டும் 6 விநாடியும் அப்படித்தான். எங்கே படுக்கிறான், போர்வை இருக்கிறதா, சாமி படம் வைத்திருக்கிறானா என்பதற்கெல்லாம் சொல்லாமலே விடை கிடைத்துவிடுகிறது. கையை ஆட்டாமல், கைப்பேசியைக் கட்டில் சட்டத்தில் சாய்த்து எடுத்திருந்ததால் அந்தத் துண்டு தேறியது. சுற்றிச் சுழற்றி எடுத்த இன்னொன்றில் எதுவும் கண்ணுக்கு நிற்கவில்லை, அதைத் தூக்கிவிட்டார்.

காட்சியைவிடக் குரல்தான் அதிகம் கெட்டுப்போகிறது. மைதானத்தில் காற்று, சாலையில் லாரி, அறைக்குள் மின்விசிறிகள். சத்தத்தைக் குறைக்கும் பொத்தான் பல செயலிகளில் இருக்கிறது. அதை அளவுக்கு மீறித் தள்ளினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும், பெற்ற தாய்க்கே பிள்ளையின் குரல் அந்நியமாகும். ஆகவே பேச்சை மட்டும் தனியாகத் திரும்பப் பதிவு செய்தார். போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, இயர்போன் மைக்கைத் தாடைக்குப் பக்கத்தில் பிடித்தால் அறையின் எதிரொலி போர்வையில் அடங்கிவிடுகிறது. மீதமிருப்பது மின்விசிறியின் மெல்லிய இரைச்சல். பேச்சை வெட்டி ஒட்டும் இடங்களில் அந்த இரைச்சல் விட்டுவிட்டு வந்தால், ஏதோ மறைக்கப்பட்டதுபோல் காதில் இடறும். அதற்காகப் பேசாமல் 15 விநாடி அறைச் சத்தத்தை மட்டும் பதிந்து, வெட்டுகளுக்கு அடியில் தொடர்ச்சியாக ஓடவிட்டார். முகம் தெரியும் துண்டுகளில் உதடும் பேச்சும் பொருந்தாமல் போகக்கூடும் என்பதால், அங்கே மட்டும் மைதானத்துப் பேச்சையே லேசாகச் சுத்தம் செய்து வைத்துக்கொண்டார். போர்வைக்குள் பேசியது கட்டில், சமையல்கூடக் காட்சிகளின்மேல் போயிற்று.

சினிமாப் பாட்டு வேண்டும் என்பதில் அறையே ஒருமுகமாக இருந்தது. பாட்டு கூடாது என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் பேச்சுக்கு அடியில் தமிழ்ப் பாட்டு ஓடினால் சொல்லோடு சொல் மோதும். கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரில் பாட்டின் கனமான ஒலிகள் விழுந்துபோய்ப் பாடகரின் குரல்தான் மிஞ்சும். அது பிள்ளையின் குரலோடு போட்டிக்கு நிற்கும். ஒலியளவை எவ்வளவு குறைத்தாலும் இது முழுதாகத் தீராது. இவர் கண்ட வழி, சமையல்கூடத்தில் தன் பேச்சு முடிந்தபிறகு மட்டும் பாட்டை ஏற்றி, முகம் வருவதற்குள் இறக்கிவிடுவது. பிறகு சோதனை. மின்விசிறி ஓட, கைப்பேசியைத் தரையில் வைத்து, பாதி ஒலியில் போட்டு, இரண்டு கை தூரத்தில் உட்கார்ந்த அறை நண்பரிடம் “என்ன கேட்டுச்சு, சொல்லு” என்றார். நண்பர் ஒரு வாக்கியத்தைத் தவறவிட்டார். அந்த வாக்கியத்தின் ஒலி மட்டும் உயர்த்தப்பட்டது. வீட்டுத் திண்ணையில் அம்மா எப்படிக் கேட்பாரோ அப்படிக் கேட்டுப் பார்க்கும் இந்தப் பரிசோதனைக்கு இணையாக எந்த மீட்டரையும் சொல்ல மாட்டேன்.

இவ்வளவு பாடு எதற்கு, வீடியோ அழைப்பு இலவசமாக இருக்கிறதே என்று கேட்கலாம். அழைப்பை இது மாற்றவில்லை. ஞாயிறுதோறும் அவர் அழைக்கத்தான் செய்கிறார். பொங்கல் அன்று மட்டும் அது நடக்காது. சிங்கப்பூரில் தீபாவளிக்குப் பொது விடுமுறை உண்டு, பொங்கலுக்குக் கிடையாது. அங்கே நேரம் இந்தியாவைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. ஊரில் காலை 6.45-க்குப் பானை பொங்கும்போது அங்கே 9.15. அவர் சைட்டில் கம்பிகளுக்கு நடுவே நிற்பார், கைப்பேசி பையில் இருக்கும். அம்மாவும் அடுப்படியில் கை ஓயாமல் இருப்பார். அந்த நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டியதை முந்தின இரவே செய்து அனுப்பத்தான் வேண்டும். இன்னொன்று, அழைப்பு முடிந்தால் முடிந்ததுதான். இது மதியம் சித்தி வரும்போதும் ஓடும், இரவில் தனியாகவும் ஓடும்.

அம்மாவுக்கு அலுக்காது என்றால் நான்கு நிமிடத்தையும் அப்படியே அனுப்பலாமே, எதற்கு வெட்டு என்பது அடுத்த கேள்வி. இது வலுவான கேள்வி. என் பதில்: பிள்ளையைப் பார்ப்பதற்கு நடுவில் நிற்பதை எடுப்பதற்காகத்தான் வெட்டு. காற்று இரைச்சல், சொன்னதையே சொல்வது, முகம் இருட்டில் போன இடம் ஆகியவை தடைகள். பார்க்கும் நேரம் தடையல்ல. அதனால் பேச்சில் தாராளமாக வெட்டலாம், பார்வையில் கஞ்சத்தனம் கூடாது. எதையும் வெட்டாமல் அனுப்பினால், முதல் அரை நிமிடத் தடுமாற்றம் அம்மாவுக்கு வேறு பொருள் தந்துவிடும். ஏதோ சொல்ல வந்து விழுங்குகிறான் என்று அவர் கவலைப்படுவார். கூச்சத்தில் வந்த தடுமாற்றம் அது என்று அங்கே எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

கடினமான கேள்வி உண்மையைப் பற்றியது. மூலப் பதிவில் ஓரிடத்தில் இடது கட்டைவிரலில் பிளாஸ்திரி தெரிந்தது. அவர் அதை வெட்டிவிட்டார். கஷ்டத்தை மறைத்து நலத்தை மட்டும் அனுப்புவது பொய்யில்லையா? வாழ்த்து வீடியோவில் அந்தக் காயத்துக்கு இடமில்லை என்றே நான் நினைக்கிறேன். இந்த வீடியோ பலமுறை பார்க்கப்படும், உறவுக்காரர்களுக்கெல்லாம் போகும், எதிர்க்கேள்வி கேட்டால் பதில் சொல்லாது. காயத்தைப் பற்றிய செய்திக்கு “எப்படிப்பா ஆச்சு, ஊசி போட்டியா” என்று கேட்க வழியிருக்க வேண்டும். அதற்கு உரிய இடம் அழைப்பு; அவர் அதில் சொல்லியும் இருந்தார். மறைப்புக்கும் பொய்க்கும் நடுவே நான் கோடு போடுவது வேறிடத்தில். கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டி வந்தவர், மினுக்கும் கட்டடங்களுக்கு முன்னால் இரவல் சட்டையில் நின்று அதுதான் தன் அன்றாடம் என்பதுபோல் அனுப்பினால், அதைப் பார்க்கும் தம்பிமார் அடுத்த கடனுக்குக் கிளம்புவார்கள். அப்படிப்பட்ட வெட்டு எனக்கு உடன்பாடில்லை. கட்டிலையும் சமையல்கூடத்தையும் விட்டுவைத்த இந்த 52 விநாடியில் அந்தக் குறை இல்லை.

அனுப்புவதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. டிக்டாக்கில் ஏற்றி இணைப்பு அனுப்பும் வழக்கம் விடுதியில் இருக்கிறது. 2020 ஜூனில் தடை வந்ததிலிருந்து இந்தியாவில் அது திறக்காது, ஆகவே வீடியோவையே வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். கறுப்புத் திரையிலிருந்து மெல்லத் தெளிவது போன்ற தொடக்கத்தையும் அவர் நீக்கினார். வந்து விழும் செய்தியில் பெரும்பாலும் முதல் காட்சிதான் சிறு படமாகத் தெரியும், அது கறுப்புக் கட்டமாக இருந்தால் கெட்டுப்போன வீடியோ என்று அம்மா திறக்காமலே விட்டுவிடக்கூடும். வாழ்த்து எழுத்தும் போடவில்லை. அவருடைய செயலியில் தமிழ் எழுத்தின் கொம்புகள் இடம் மாறி உடைந்து நின்றன. அம்மா கண்ணாடி போடாமல் பார்ப்பவர் வேறு. அளவை 720-க்குக் குறைத்து வெளியெடுத்து, முதலில் தங்கைக்கு அனுப்பி, “அம்மா போன்ல இடம் இருக்கான்னு பாரு, இல்லைன்னா பழைய குட்மார்னிங் படத்தையெல்லாம் அழிச்சிடு” என்று குரல் செய்தி போட்டார். தங்கையிடமிருந்து பதில் வந்ததும் அம்மாவுக்கு அனுப்பினார். பிறகு அடுத்த கட்டில்காரரின் கைப்பேசியை வாங்கி, அவர் தன் வீட்டுக்காக எடுத்து வைத்திருந்த ஏழு நிமிடப் பேச்சை முதலிலிருந்து ஓடவிட்டுக் கேட்கத் தொடங்கினார்.