சரியான விடையை வெட்டினேன்

கட்டுகஸ்தோட்டையில் டியூஷன் எடுத்த காலத்தில் துருக்கி அரசின் புலமைப்பரிசிலுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்குத் துருக்கி மொழியின் அடிப்படையும் சொல்லிக்கொடுத்தேன். அவர்களில் ஒருத்தி எழுதிய சரியான விடையை வெட்டித் தவறானதை எழுதிக்கொடுத்தேன். தவறு என்று தெரிந்த பிறகும் அவளிடம் சொல்லவில்லை.

துருக்கியில் வீடு 'எவ்'. தமிழில் 'என்' முன்னால் வரும், அங்கே உடைமை சொல்லின் வாலில் ஒட்டும்: 'எவிம்' என் வீடு, 'எவின்' உன் வீடு, 'எவி' அவனுடைய அல்லது அவளுடைய வீடு. வேற்றுமை உருபு அதற்கும் பின்னால்தான் வரும். பன்மை இருந்தால் அது எல்லாவற்றுக்கும் முன்னால். 'என் வீடுகளில்' என்பது எவ்-லெர்-இம்-தெ: வீடு, கள், என், இல். இந்த வரிசை மாறாது. இதுவரை நான் சரியாகத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

'அவனுடைய வீட்டில்' என்பதற்கு அந்தப் பிள்ளை 'ஒனுன் எவிந்தெ' என்று எழுதியிருந்தாள். 'எவி'யோடு 'தெ' சேர்ந்தால் 'எவிதெ' என்றுதானே வரவேண்டும்? இடையில் இருந்த ன் 'உன்' என்பதன் ன் என்று முடிவுகட்டி, "நீ எழுதியது உன் வீட்டில் என்றாகிவிட்டது" என்று சிவப்புப் பேனையால் வெட்டி 'எவிதெ' என்று எழுதினேன்.

அவள் விடவில்லை. புத்தகத்தைத் திருப்பி 'அன்னெசிந்தென்' என்ற சொல்லைக் காட்டினாள். அன்னெ என்றால் அம்மா. 'அவனுடைய அம்மாவிடமிருந்து' என்று பொருள்.

"மிஸ், சி அவனுடையது. அப்போ இந்த ன் யாருடையது?"

விதிவிலக்கு என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

அன்றிரவே இலக்கண நூலைப் பார்த்தேன். மூன்றாம் இட உடைமை விகுதிக்குப் பின்னால் வேற்றுமை உருபு வந்தால் நடுவில் ஒரு ன் கட்டாயம் வரும். அது யாருக்கும் சொந்தமில்லை. துருக்கியில் 'அது' என்பதற்கு 'ஓ', 'அதனை' என்பதற்கு 'ஓனு'. சுட்டுப் பெயர் உருபேற்கும்போது வருகிற ன்தான் இங்கேயும் வருகிறது. துருக்கியர் இதைப் பிரதிப்பெயரின் ன் என்றே சொல்கிறார்கள். தமிழ் படித்தவளுக்கு இது புதிதாக இருந்திருக்கக் கூடாது. அது, ஐ சேர்ந்தால் நாமும் 'அதனை' என்கிறோம். நடுவில் வரும் அன்னைச் சாரியை என்று பள்ளியில் படித்தேன், பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு மொழிக்கும் உறவு இருப்பதாகச் சொல்லவில்லை. அவள் கேட்ட கேள்விக்கான விடை என் கையிலேயே இருந்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

நான் ஏமாந்த இடம் மெய்யெழுத்தில் முடியும் சொல். எவ்-இன்-தெ உன் வீட்டில், எவ்-இ-ன்-தெ அவன் வீட்டில். இரண்டும் 'எவிந்தெ' என்றே ஒலிக்கும், எழுத்திலும் வேறுபாடில்லை. முன்னால் 'செனின்' இருந்தால் உன்னுடையது, 'ஒனுன்' இருந்தால் அவனுடையது, இரண்டும் இல்லாவிட்டால் பேச்சின் போக்கை வைத்துத்தான் அறிய வேண்டும். அந்தப் பிள்ளை 'ஒனுன்' எழுதியிருந்தாள். அதைப் படிக்காமலே வெட்டினேன்.

உயிரில் முடியும் சொல்லை எடுத்திருந்தால் குழப்பமே வந்திருக்காது. பாலம் 'கொப்ரு'. 'கொப்ருந்தெ' உன் பாலத்தில், 'கொப்ருசுந்தெ' அதன் பாலத்தில். சு இருப்பதால் பிறகு வரும் ன் 'உன்' ஆக முடியாது. ஊர்ப்பெயரோடு சேர்கிற தொடரிலும் இதே விகுதிதான்: மகாவலிக்கு மேலே நாம் தினமும் கடக்கும் பாலம் துருக்கியில் 'கட்டுகஸ்தோட்டை கொப்ருசு', அதன் மேல் நின்றால் 'கொப்ருசுந்தெ', அங்கிருந்து வந்தால் 'கொப்ருசுந்தென்'. வகுப்பில் இந்த ஒரு உதாரணத்தைச் சொல்லியிருந்தால் போதும்.

சொல்லவில்லை. மிஸ்ஸுக்கே தெரியாது என்ற பேச்சு பெற்றோர் காதுக்குப் போனால் வகுப்புக்குப் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்று பயந்தேன். பயத்தைவிடக் கர்வம் பெரிதாக இருந்தது. அவளோ என்னை நம்பி அதன்பிறகு எல்லா இடத்திலும் ன்னை விட்டுவிட்டு எழுதினாள். தாளைத் திருத்தும்போதெல்லாம் அதைப் பார்த்தேன், சரி போட்டேன். புலமைப்பரிசில் கிடைத்துப் போனவள், மொழி வகுப்பில் முதல் தாளிலேயே அந்த இடங்கள் எல்லாம் வெட்டப்பட்டு வந்ததாக எழுதியிருந்தாள். என்மேல் குறை ஒன்றும் சொல்லவில்லை. அப்போதுதான் உண்மையை எழுதி அனுப்பினேன்.

அதே வகுப்பில் இருந்த மற்றப் பிள்ளைகள் எங்கெங்கோ இருக்கிறார்கள். என் கையெழுத்துள்ள கொப்பி யாரிடமாவது இருந்தால் 'எவிதெ', 'அன்னெசிதெ' என்று நான் எழுதியதை அடித்துவிடுங்கள். 'எவிந்தெ', 'அன்னெசிந்தெ' என்பவைதான் சரி.