பிடித்தப் பட்டியலும் பிணைக் கையெழுத்தும்

ஓர் அலுவலகத்திலோ ஆலையிலோ பணிபுரிவோர் தங்களுக்குள் பணம் சேர்த்துத் தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொள்வதற்காகப் பதிவு செய்யும் அமைப்பே பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் எனப்படுகிறது. தமிழ்நாட்டில் இத்தகைய சங்கங்கள் 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ் இயங்குகின்றன. சட்டம் பொதுவான வரம்புகளை வகுத்துவிட, யார் சேரலாம், எவ்வளவு கடன் பெறலாம், எத்தனை பிணையாளர் வேண்டும் என்பவற்றை ஒவ்வொரு சங்கமும் தன் துணைவிதிகளில் எழுதிப் பதிவாளரின் ஒப்புதல் பெற்றுக்கொள்கிறது. இச்சங்கங்களின் வட்டி வெளிச்சந்தையின் தனிநபர் கடன் வட்டியைவிடக் குறைவாக இருப்பதைச் சலுகை என்று கருதும் வழக்கம் உறுப்பினரிடையே பரவலாக உண்டு. உண்மையில் அதற்கான விலை உறுப்பினர் விதிகளின் வழியாக முன்கூட்டியே வாங்கப்பட்டுவிடுகிறது என்பதைச் சங்கக் கணக்கைக் கையாண்டவர்கள் அறிவார்கள்.

சங்கத்தின் பணம் மூன்று வழிகளில் வருகிறது. உறுப்பினர் செலுத்தும் பங்குத்தொகை முதலாவது. மாதந்தோறும் சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கப்படும் சிக்கன வைப்பு இரண்டாவது. இவை போதாதபோது மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியிடமிருந்து பெறும் காசுக்கடன், அதாவது ஒரு வரம்புக்குள் வேண்டும்போது எடுத்து வேண்டும்போது கட்டிக்கொள்ளும் கடன், மூன்றாவது. முதலிரண்டும் பெருகப் பெருக மூன்றாவதன் தேவை குறைந்து, உறுப்பினரிடம் வாங்கும் வட்டியும் குறைய இடமுண்டாகிறது. செலவுப் பக்கத்திலோ விளம்பரமோ தரகரோ வசூல் முகவரோ இல்லை. தவணை கேட்டு யாரும் வீடு தேடிப் போவதில்லை. சங்கச் செயலாளர் மாதந்தோறும் அனுப்பும் கேட்புப் பட்டியலைப் பார்த்துச் சம்பளம் வழங்கும் அலுவலரே தொகையைப் பிடித்துச் சங்கத்துக்கு அனுப்பிவிடுகிறார். கடன் விண்ணப்பத்தோடு உறுப்பினர் எழுதிக்கொடுக்கும் பிடித்தத்துக்கான இசைவுக் கடிதத்தின் பேரில் இப்படிப் பிடித்தம் செய்ய வேண்டிய பொறுப்பைக் கூட்டுறவுச் சட்டமே வேலை கொடுப்பவர்மீது சுமத்துகிறது. சம்பளம் கைக்கு வருமுன்பே தவணை கழிந்துவிடும் இந்த ஏற்பாடுதான் சங்கக் கடனின் முதன்மையான ஈடு. நகையோ பத்திரமோ கேட்கப்படாததன் காரணமும் இதுவே.

குறைந்த வட்டி என்பது எவ்வளவு குறைவு என்பதை ஒரு கணக்கைக் கொண்டு பார்ப்பது நல்லது. மாதம் 40,000 ரூபாய் சம்பளம் பெறும் உறுப்பினர் ஒருவர் 3,00,000 ரூபாயை 60 மாதத் தவணையில் 10 விழுக்காடு வட்டிக்குப் பெறுவதாகக் கொள்வோம். சங்கங்களில் பொதுவான முறைப்படி அசல் மாதம் 5,000 ரூபாயாகச் சமமாகவும், வட்டி குறைந்துவரும் நிலுவைக்கு மட்டுமாகவும் கணக்கிடப்படுமானால், முதல் மாத வட்டி 2,500 ரூபாய், ஐந்தாண்டுக்குமான மொத்த வட்டி 76,250 ரூபாய். இதே தொகையை இதே முறையில் 16 விழுக்காட்டுக்கு வெளியே பெற்றிருந்தால் வட்டி 1,22,000 ரூபாய் ஆகியிருக்கும். 45,750 ரூபாய் மிச்சம் என்று இந்த இடத்தில் கணக்கை மூடிவிடுவதே வழக்கமாக நடக்கும் பிழை. கடனில் பத்தில் ஒரு பங்கு பங்குத்தொகையாக இருக்க வேண்டும் என்று துணைவிதி சொல்லுமானால், 30,000 ரூபாய் கடன் தொகையிலேயே கழிக்கப்பட்டு 2,70,000 ரூபாய்தான் உறுப்பினர் கையில் வரும். வட்டியோ முழு 3,00,000 ரூபாய்க்கும் ஓடும். கடன் தீர்ந்தபின் அந்த 30,000 ரூபாய் திரும்பக் கிடைத்தாலும், இடைப்பட்ட காலத்தில் அதற்குப் பங்கு ஈவு, அதாவது ஆண்டு இலாபத்திலிருந்து பங்குக்குத் தரப்படும் வருவாய், எதுவும் வழங்கப்படாவிட்டால் அந்தக் கடனின் உண்மையான வட்டி 12 விழுக்காட்டைச் சற்றுத் தாண்டிவிடும். ஆண்டுதோறும் 10 விழுக்காடு ஈவு ஒழுங்காக வந்தால் மட்டுமே வட்டி மீண்டும் அறிவித்த 10 விழுக்காட்டை ஒட்டி நிற்கும்.

ஆகவே சங்கக் கடன் மலிவா என்று தெரிந்துகொள்ள வட்டி விகிதத்தை மட்டும் கேட்பது போதாது. கடைசி மூன்று ஆண்டுகளில் ஈவு வழங்கப்பட்டதா, தணிக்கை முடிந்ததா என்பவற்றையும் கேட்டாக வேண்டும். தணிக்கை முடிந்து நிகர இலாபம் உறுதியாகாதவரை ஈவு பிரிக்க இயலாது என்பதால், தணிக்கை நிலுவையில் நிற்கும் சங்கத்தில் அறிவித்த வட்டிக்கும் உண்மையான வட்டிக்கும் உள்ள இடைவெளி ஓசையின்றி விரிந்துகொண்டே போகும். பேரவைக் கூட்டத்தில் வட்டியைக் குறைக்கக் கோரிக் குரல் எழுப்புவோரில் பெரும்பாலோர் தணிக்கை அறிக்கையைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

உறுப்பினராவதற்கான விதிகளுக்கு வருவோம். துணைவிதியில் பெயர் குறித்த நிறுவனத்தில், குறித்த எல்லைக்குள் பணிபுரிபவராக இருக்க வேண்டும். 18 வயது நிறைந்திருக்க வேண்டும். நுழைவுக் கட்டணமும் குறைந்தது ஒரு பங்கும் செலுத்த வேண்டும். பல சங்கங்களில் தகுதிகாண் பருவமும் முடிந்திருக்க வேண்டும். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரே வாக்குதான். ஒரே வகைக் கடன் தரும் இரு சங்கங்களில் ஒருவரே உறுப்பினராக இருக்கப் பொதுவாக இடங்கொடுப்பதில்லை. ஒரே சம்பளத்தின்மீது இரு கேட்புப் பட்டியல்கள் மோதினால் இரண்டு சங்கங்களின் ஈடும் பயனற்றுப் போகும் என்பதே காரணம்.

ஒரே இடத்தில் பணிபுரிவோர் என்ற இந்த வரையறையை உலகின் பிற பகுதிகளில் கடன் ஒன்றியங்கள் என்று வழங்கும் அமைப்புகள் பொதுப் பிணைப்பு என்று குறிக்கின்றன. அமெரிக்கக் கடன் ஒன்றிய இயக்கத்தை ஊன்றியவர்களுள் ஒருவரான பாஸ்டன் வணிகர் எட்வர்டு ஃபைலீன், 1907இல் இந்தியா வந்தபோது கண்ட கூட்டுறவுக் கடன் சங்கங்களிலிருந்தே தம் ஆர்வத்தைப் பெற்றார் என்பது இங்கே நினைவுகூரத் தக்கது. 1904ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் சட்டம் அப்போது மூன்றே வயதுக் குழந்தை. அதே அமெரிக்காவில் வட கரோலினாவின் கடன் ஒன்றியம் ஒன்று, தன் மூல நிறுவனத்தோடு தொடர்பில்லாத பல நிறுவனங்களின் பணியாளரையும் சேர்த்துக்கொண்டபோது வங்கிகள் வழக்குத் தொடுத்தன. 1998 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வங்கிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்க, அவ்வாண்டு ஆகஸ்டிலேயே அந்நாட்டு நாடாளுமன்றம் பல குழுக்களைச் சேர்க்க இடமளித்துச் சட்டம் இயற்றியது. உறுப்பினர் வட்டம் விரிந்தால் பணமும் பெருகும், இடரும் பரவும். ஆனால் ஒருவரையொருவர் அறிந்திருப்பதனால் கிடைக்கும் காப்பு தளரும். இந்தப் பேரம் இன்றுவரை எங்கும் முற்றாகத் தீர்ந்துவிடவில்லை.

அந்தக் காப்பு தாளில் வடிவெடுக்கும் இடம் பிணையாளர் கையெழுத்து. கடன் பெறுபவருக்காகப் பெரும்பாலும் சக உறுப்பினர் இருவர் பிணை நிற்கிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை, பிணையாளரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமமானது. கடனாளி வேலையைவிட்டு நீங்கினாலோ நீண்ட காலம் சம்பளமில்லா விடுப்பில் சென்றாலோ அடுத்த மாதக் கேட்புப் பட்டியலில் பிணையாளரின் பெயர் ஏறுவதற்குத் தடையேதும் இல்லை. இவருக்கு அவரும் அவருக்கு இவரும் கையெழுத்திடும் மாற்றுப் பிணை அலுவலகங்களில் சாதாரணமாக நிகழ்வது. அந்த இருவரும் ஓராண்டு இடைவெளியில் ஓய்வுபெறும்போது சங்கத்தின் கையில் இரு பிணைகள் இருப்பதாகப் பதிவேடு காட்டும். உள்ளபடி ஒன்றும் இருக்காது. பிணைப் பதிவேட்டில் ஓய்வு தேதிக்கு ஒரு பத்தி ஒதுக்கி, கடனின் கடைசித் தவணையை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கும் செயலாளர், பின்னால் நடுவர் வழக்குகளுக்கு அலைய வேண்டியதில்லை. பணிக்கொடையை நீதிமன்ற ஆணையின் பேரிலும் பற்றுகை செய்ய இயலாதவாறு சட்டம் காத்து நிற்பதால், ஓய்வுக்குப்பின் மிஞ்சும் நிலுவையை வசூலிப்பது எளிதன்று.

சங்கக் கடனில் உறுப்பினருக்குத் தெரியாமலே நேரும் கேடு ஒன்று உண்டு. சம்பளத்தில் தவணை பிடிக்கப்படுகிறது. பிடித்த தொகையை நிறுவனம் தன் பணத்தட்டுப்பாட்டுக்குப் பயன்படுத்திக்கொண்டு சங்கத்துக்கு மாதக்கணக்கில் அனுப்பாமல் வைத்துக்கொள்கிறது. சம்பளச் சீட்டில் கடன் குறைந்துகொண்டே வர, சங்கப் பேரேட்டில் அது அப்படியே நிற்கிறது. மத்தியக் கூட்டுறவு வங்கியின் வட்டியோ சங்கத்தின்மீது ஏறுகிறது. புதுக் கடன் கேட்டு விண்ணப்பித்தவர்கள் வரிசையில் காத்திருக்கிறார்கள். சம்பளச் சீட்டில் கண்ட பிடித்தத்தையும் உறுப்பினர் கணக்குப் புத்தகத்தில் கண்ட வரவையும் காலாண்டுக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தால் இந்த நிலை தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். கடன் கேட்டவுடன் கிடைத்துவந்த சங்கத்தில் திடீரென்று வரிசை நீள்வதும் இதற்கான அறிகுறியே.

பிடித்தத்துக்கும் எல்லை உண்டு. 1936ஆம் ஆண்டின் ஊதிய வழங்கல் சட்டம் பிற பிடித்தங்கள் ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று விதித்து, கூட்டுறவுச் சங்கத் தொகையும் சேர்ந்திருக்குமானால் மட்டும் 75 விழுக்காடு வரை இடமளித்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த, 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டம் அந்தத் தனிச்சலுகையை விட்டுவிட்டு, மொத்தப் பிடித்தமும் 50 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும் என்கிறது. மேற்சொன்ன எடுத்துக்காட்டில் தவணை, வட்டி, 1,000 ரூபாய் சிக்கன வைப்பு என முதல் மாதத்தில் 8,500 ரூபாய் மட்டுமே போவதால் இடைஞ்சல் இல்லை. பாதிக் கடன் கட்டியதும் பழையதைக் கழித்துப் புதியதைப் பெறும் புதுப்பித்தல் வழக்கத்தால் ஓய்வுநாள் வரை கடனிலேயே இருக்கும் உறுப்பினர்களுக்கும், சம்பளத்தின் இத்தனை மடங்கு என்று உச்சவரம்பை உயர்த்திக்கொண்டே போன சங்கங்களுக்கும் இந்த எல்லை இடிக்கும். தங்கள் கடன் வரம்பை அவை மறுபடி கணக்கிட்டே ஆக வேண்டும்.

இத்தனை விதிகளுக்கும் வெளியே நிற்பவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்களின் ஊதியத்தை ஒப்பந்ததாரர் வழங்குவதால் நிறுவனத்தின் பிடித்தப் பட்டியல் அவர்களை எட்டாது. பிடித்தம் எட்டாதவருக்குச் சங்கத்தில் இடமும் இல்லை. ஒரே வளாகத்தில் நிரந்தர ஊழியர் 10 விழுக்காட்டுக்குக் கடன் பெறும்போது, அவருக்கு அருகில் நின்று அதே வேலையைச் செய்பவர் நுண்கடன் நிறுவனத்திடமோ கந்துவட்டிக்காரரிடமோ போகிறார். ஒப்பந்ததாரரின் பட்டியல் தொகையிலிருந்தே பிடித்தம் செய்ய முதன்மை நிறுவனம் முன்வந்து, துணைவிதியும் அதற்கேற்பத் திருத்தப்பட்டாலன்றி இந்த நிலை மாறப்போவதில்லை. அத்தகைய திருத்தத்தைப் பேரவையில் முன்மொழியும் உரிமை ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் நிரந்தர ஊழியர்களிடம் மட்டுமே உள்ளது.