தொண்டும் தலைமையும்

நாமக்கல், இராசிபுரம், பரமத்திவேலூர் வட்டாரங்களில் இலவசக் கண் முகாமை அறியாத முதியவர்கள் குறைவு. பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் பெயர்ப் பதிவு, சுவரில் எழுத்துப் பலகை, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஒரு மேசை, கடைசியில் மருத்துவர். புரை முற்றியவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டோர் கையில் ஒரு துணிப்பையுடன் பேருந்தில் ஏறுவர். சில நாள்களில் கறுப்புக் கண்ணாடி அணிந்து ஊர் திரும்புவர். சேலத்திலும் மருத்துவமனை வைத்திருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனை இந்த முறையைத் தமிழகமெங்கும் பரப்பியது. இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் இருந்த டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமியின் தலைமை எத்தகையது என்பதைப் பேருந்தில் ஏறியவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை.

எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்தவர் அவர். இராணுவ மருத்துவப் பணியிலிருந்து திரும்பிய காலத்தில் மூட்டுவாதம் தாக்கி, விரல்கள் கோணிவிட்டன. மகப்பேறு மருத்துவராகும் எண்ணத்தைக் கைவிட்டுக் கண் மருத்துவம் பயின்று, அந்த வளைந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கத் தம்மைப் பழக்கிக்கொண்டார். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கண்களுக்கு அவர் அறுவை செய்தார். அரசுப் பணியிலிருந்து 1976-இல் ஓய்வு பெற்றதும், மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளுடன் மருத்துவமனை தொடங்கினார். வீட்டை அடமானம் வைத்தும் உடன்பிறந்தோர் நகைகளை அடகு வைத்தும் பணம் திரட்டினர். ஸ்ரீ அரவிந்தரின் பெயரையே மருத்துவமனைக்குச் சூட்டினார்.

அறுவை இலவசம் என்று அறிவித்தும் கிராமத்தார் பலர் வரவில்லை. மக்களின் அறியாமை என்று சொல்லி அத்துடன் விட்டுவிடுவது எளிது. காரணத்தைத் தேடியபோது வேறு விடை கிடைத்தது. பேருந்துக் கட்டணம் வேண்டும். நகரத்தில் சாப்பாட்டுக்குப் பணம் வேண்டும். துணைக்கு வருபவரின் கூலி போய்விடும். கத்திக்கு விலை இல்லாவிட்டாலும் வந்து போவதற்கு விலை இருந்தது. ஆகவே முகாமிலிருந்து அழைத்துச் செல்வதும், உணவளிப்பதும், படுக்கப் பாய் தருவதும், திருப்பி அனுப்புவதும் மருத்துவமனையின் பொறுப்பாயின. அமெரிக்கரான ராபர்ட் கிரீன்லீஃப் 1970-இல் எழுதிய ஒரு கட்டுரையில், முதலில் தொண்டராக இருப்பவரே தலைவராக வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தார். உழவாரப் படையேந்திக் கோயில் முற்றங்களைச் செப்பனிட்ட அப்பர் பெருமானை அறிந்தவர்களுக்கு அது புதுமையாகத் தோன்றாது. ஆனால் ஒரு மருத்துவமனைத் தலைவர் தாமே துடைப்பத்தை எடுத்துவிட்டால் தொண்டு முடிந்துவிடுமா என்பது தனிக் கேள்வி.

விடை அறுவை அரங்கத்தில் இருக்கிறது. புரை அறுவையில் மருத்துவர் கத்தி பிடிக்கும் நேரம் சுமார் பத்து நிமிடம் என்று கொள்ளலாம். அடுத்த நோயாளியைப் படுக்க வைத்துக் கண்ணைச் சுத்தம் செய்து, துணி போர்த்தி, கருவிகளை எடுத்து வைக்கவும் ஏறத்தாழ அதே நேரம் ஆகும். ஒரே மேசை இருந்தால் மணிக்கு மூன்று பேருக்குத்தான் செய்யலாம். மருத்துவர் பாதி நேரம் கைகட்டி நிற்பார். இரண்டு மேசைகளைப் பக்கத்தில் போட்டு, ஒன்றில் அறுவை நடக்கையில் மற்றொன்றில் அடுத்தவரைத் தயார் செய்தால் மணிக்கு ஆறு பேராகும். மருத்துவர் நுண்ணோக்கியைத் திருப்பிக்கொண்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தால் போதும்.

அந்தத் தயாரிப்பைச் செய்பவர்கள் 'சிஸ்டர்' என்று அழைக்கப்படும் கிராமத்துப் பெண்கள். பள்ளிப் படிப்பை முடித்தபின் இரண்டு ஆண்டுகள் பயிற்சி பெறுகிறார்கள். பார்வையளவு எடுப்பது, கண்ணழுத்தம் பார்ப்பது, அறுவைக்கு உதவுவது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை உண்டு. மருத்துவர் எதைச் செய்ய வேண்டியதில்லையோ அதையெல்லாம் நம்பிக்கையோடு அவர்களிடம் ஒப்படைத்ததுதான் அந்தத் தலைமையின் முக்கியச் செயல். எல்லாவற்றையும் தம் கையாலேயே செய்யும் நல்லவர் ஒருவர் தலைவராக இருந்தால், வாசலில் வரிசை நீள்வதைத் தவிர வேறொன்றும் நிகழாது. திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு சிறு பள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வராத ஆசிரியரின் வகுப்பையெல்லாம் தலைமையாசிரியரே எடுத்து, கணக்கும் எழுதி, மணியும் அடித்தால் ஊர் அவரைப் போற்றும். ஆனால் அவர் ஒரு வாரம் படுத்தால் பள்ளியும் படுத்துவிடும். அவர் வராத நாளில் என்னென்ன நின்றுபோகின்றன என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தாலே நோய் தெரிந்துவிடும்.

பணத்திலும் இதே தெளிவு இருந்தது. கட்டணம் செலுத்துவோரின் பணத்தில் மிஞ்சுவதைக் கொண்டு இலவசப் பிரிவு நடக்கிறது. மருத்துவர்கள் இரு பிரிவுகளிலும் மாறி மாறிப் பணி செய்கிறார்கள். படுக்கையில் வேற்றுமை உண்டு, அறுவையில் இல்லை. வரவு பாராமல் எல்லாருக்கும் இலவசம் என்று இரங்கும் தருமவான் ஒருவர், இரண்டாம் ஆண்டில் பஞ்சுக்கும் மருந்துக்கும் கடன் சொல்லும் நிலைக்கு வருவார். வங்கிக் கணக்குகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் கதை பழையது.

இனி எல்லைகள். முதலாவது, தியாகத்தைப் பற்றியது. டாக்டர் வெங்கடசாமி மணம் செய்துகொள்ளாதவர். மருத்துவமனையே அவர் இல்லம். தங்கையும் மைத்துனரும் மருத்துவர்களாகத் துணை நின்றார்கள். தாமாக ஏற்ற வாழ்வு அது. மாதச் சம்பளத்தில் தம்பியைப் படிக்க வைக்கும் ஒரு சிஸ்டரிடமோ, கல்விக் கடன் உள்ள இளம் மருத்துவரிடமோ அதையே எதிர்பார்க்க முடியாது. பயிற்சி முடித்த மருத்துவர்கள் கூடுதல் ஊதியத்துக்காக வெளியே செல்வது அரவிந்திலும் நிகழ்ந்ததுதான். அவர்களைத் தொண்டுள்ளம் அற்றவர்கள் என்று ஏசுவது நியாயமாகாது. தலைவர் ஓய்வின்றி உழைக்கும் இடத்தில் விடுப்புக் கேட்கவே ஊழியர் கூசுவர். அவருடைய தொண்டு மற்றவர்க்குச் சுமையாகிவிடும். விடுப்புப் பதிவேட்டில் மாதக்கணக்கில் ஒருவர் பெயரும் இல்லையென்றால் அதைப் பெருமையாகக் கொள்ளாமல் விசாரிக்க வேண்டும்.

இரண்டாவது எல்லை இன்னும் கடுமையானது. 2008-இல் விழுப்புரம் மாவட்டத்தில் நடந்த ஓர் இலவச முகாமின் மூலம் அறுவை செய்துகொண்ட பலர் கிருமித் தொற்றால் பார்வையை இழந்தனர். பார்வை பெறச் சென்ற ஏழைகள் அவர்கள். எந்த மருத்துவமனைக்கும் இத்தகைய நாள் வரக்கூடும். அறுவைக்கு மறுநாளோ அடுத்த நாளோ கண் சிவந்து, வலி கூடி, பார்வை மங்கினால் அதுவே அடையாளம். ஒருவருக்கு வந்தால் தனித்த கேடாக இருக்கலாம். ஒரே நாளில் ஒரே அரங்கத்தில் அறுவை செய்துகொண்ட இருவர் மூவருக்கு வந்தால் மூலம் பொதுவானது என்று கொள்ள வேண்டும். அரங்கத்தை அந்தக் கணமே மூட வேண்டும். கழுவுநீரையும் மருந்துக் குப்பிகளையும் கருவிகளையும் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அன்று அறுவை செய்துகொண்ட அனைவரையும், எந்தக் கிராமத்துக்குப் போயிருந்தாலும், திரும்ப அழைத்துப் பார்க்க வேண்டும். நடந்ததை அவர்களிடம் மறைக்கவும் கூடாது.

இங்கே எல்லாருடைய கருத்தையும் பொறுமையாகக் கேட்டு, இணக்கம் வரும்வரை காத்திருக்கும் பணிவு பயன்படாது. மறுநாள் முகாமுக்கு அறுபது பேர் பேருந்தில் வந்துகொண்டிருந்தாலும், 'மூடுங்கள்' என்று ஒருவர் கட்டளையிட்டாக வேண்டும். அந்தக் கட்டளை தலைவருடையது. அதன் பழியும் அவருடையது. கருவிகளின் கொதிகலன் காட்டும் குறியைப் பார்த்து, 'இந்தத் தட்டு சரியாகச் சுத்தமாகவில்லை, தர மாட்டேன்' என்று இருபது வயதுச் சிஸ்டர் ஒருவர் சொன்னால், தலைமை மருத்துவரேயானாலும் கையை எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் முகம் சுளித்தால்கூடப் போதும். அடுத்த முறை அந்தப் பெண் வாய் திறக்க மாட்டாள்.