சுறா புட்டு சாப்பிடலாமா டாக்டர்? (இழை)

1/
அஞ்சு மாச கர்ப்பிணி ஒருத்தங்க மாமியாரோட வந்தாங்க. சாப்பாடு எப்படிப் போகுதுன்னு கேட்டேன். "மீனை மொத்தமா நிறுத்திட்டோம் டாக்டர். நீங்கதானே போன தடவை பாதரசம் இருக்குன்னு சொன்னீங்க"ன்னு மாமியார் சொன்னாங்க.

2/
தப்பு என்னோடதுதான். "பெரிய மீன் வேண்டாம்"னு சொன்ன நான், எந்த மீன் வேணும்னு சொல்லவே இல்லை. பாதி அறிவுரை கொடுத்ததால, வாரம் மூணு நாள் மீன் சாப்பிட்ட பொண்ணு ரெண்டு மாசமா ரசமும் உருளைக்கிழங்கும்தான் சாப்பிட்டிருக்காங்க. அன்னிக்கு அவங்ககிட்ட உட்கார்ந்து பேசினதை உங்களுக்கும் சொல்லிடறேன்.

3/
நிலக்கரிப் புகை, ஆலைக் கழிவு இப்படிப் பல வழியில பாதரசம் கடலுக்குப் போகுது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமா மாத்துது. அதை நுண்ணுயிர்கள் எடுத்துக்கும், அவற்றைச் சின்ன மீன் தின்னும், சின்ன மீனைப் பெரிய மீன் தின்னும். ஒவ்வொரு படியிலும் அளவு கூடிக்கிட்டே போகும். பல வருஷம் வாழ்ந்து மற்ற மீன்களை வேட்டையாடுற மீன்லதான் அதிகம் சேரும்.

4/
இது தசையில் இருக்கிற புரதத்தோட ஒட்டிக்கும். அதனால மஞ்சள் போட்டுக் கழுவினாலும், தோலை உரிச்சாலும், புளி ஊத்திக் கொதிக்க வச்சாலும் போகாது. மீன் கெட்டுப்போனா வாசனை காட்டிக் கொடுக்கும். இதுக்கு வாசனையும் கிடையாது, ருசி மாற்றமும் கிடையாது.

5/
கர்ப்பிணிக்கு ஏன் தனி எச்சரிக்கை? மெத்தில் பாதரசம் நஞ்சுக்கொடியைச் சுலபமா தாண்டிடும். தொப்புள்கொடி ரத்தத்துல அம்மாவோட ரத்தத்தை விட அதிகமாவே இருக்கும். வளர்ற மூளையைத்தான் அது முதல்ல தொடும். ஜப்பானின் மினமாட்டாவில் 1950களில், ஆலைக் கழிவு கலந்த விரிகுடா மீனைச் சாப்பிட்ட தாய்மார்கள் சிலருக்குப் பெருசா அறிகுறியே இல்லை. ஆனா பிறந்த குழந்தைகளுக்கு மூளை பாதிப்பு இருந்துச்சு. அது மிக மோசமான மாசு, நம்ம தட்டு அப்படி இல்லை. ஆனா தாய்க்கு ஒண்ணும் தெரியாமலே குழந்தைக்குப் போகும்ங்கிற பாடம் அங்கிருந்துதான் வந்தது.

6/
இப்ப கணக்குக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்த நிபுணர் குழு சொல்ற வார வரம்பு, உடல் எடை கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு வாரத்துக்கு 96.

அமெரிக்க எஃப்டிஏ சோதனையில் சுறாவின் சராசரி, 100 கிராமுக்குச் சுமார் 98 மைக்ரோகிராம். அதாவது ஒரு கைப்பிடி புட்டிலேயே அந்த வாரக் கணக்கு முடிஞ்சது. மத்தி வகையில் 100 கிராமுக்கு 1.3 மட்டும்தான்!

7/
"பிரசவம் ஆனதும் பால் ஊற பால் சுறா புட்டு கொடுப்போமே?"ன்னு மாமியார் கேட்டாங்க. நியாயமான கேள்வி. பால் சுறா சின்ன வகைதான், அதுல குறைவா இருக்கலாம். ஆனா சந்தையில துண்டு போட்டு வச்சிருக்கிறது எந்தச் சுறா, எவ்வளவு பெருசுன்னு யாருக்குத் தெரியும்? தாய்ப்பால் வழியாவும் கொஞ்சம் போகும். "அதே புட்டை வேற மீன்ல செய்ங்கம்மா. பூண்டும் மிளகும் அதேதான்"னு சொன்னேன்.

8/
வஞ்சிரம்? எஃப்டிஏ தவிர்க்கச் சொல்ற கிங் மேக்கரலும் நம்ம வஞ்சிரமும் ஒரே பேரினம். முள் கம்மின்னு கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் இதைத்தான் வாங்குறோம். பெரிய வஞ்சிரத் துண்டை இந்தக் காலத்துல தள்ளி வைங்க. வாள்மீனும் மயில் மீனும் வேண்டாம். சூரை வாரம் ஒரு தடவைக்கு மேல வேண்டாம், அந்த வாரம் வேற மீனும் வேண்டாம்.

9/
தைரியமா வாங்க வேண்டியவை: மத்தி (சாளை), நெத்திலி, கானாங்கெளுத்தி (அயிலை), இறால், வளர்ப்பு ரோகு, கட்லா. வாரம் ரெண்டு மூணு தடவை, தடவைக்கு 100 கிராம் போல. மத்தியில் ஒமேகா 3 கொழுப்பும் நிறைய. அது குழந்தையோட மூளைக்குத் தேவை, அதனாலதான் மீனை நிறுத்தச் சொல்லலை.

10/
குழந்தைகளுக்கும் இதே மீன்கள்தான், வாரம் ரெண்டு தடவை. 1 முதல் 3 வயசுக்குத் தடவைக்கு 30 கிராம், 4 முதல் 7 வயசுக்கு 60 கிராம் போதும். முள்ளை நீங்களே எடுத்து, விரலால நசுக்கிப் பார்த்துட்டு ஊட்டுங்க.

11/
"போன வாரம் வஞ்சிரம் சாப்பிட்டேனே!"ன்னு பயப்படாதீங்க. ஒரு வேளைச் சாப்பாடு இல்லை, மாசக்கணக்கில் சேர்றதுதான் பிரச்சனை. நிறுத்தினா உடம்புல இருக்கிறது பாதியாகச் சுமார் 50 நாள் ஆகும். அதனால கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே மாத்திக்கிறது நல்லது.

12/
அடுத்த மாசம் அதே மாமியார் வந்தாங்க. "மத்தி வஞ்சிரத்தை விட ரொம்ப மலிவு டாக்டர். நாங்கதான் அதை மதிக்கலை."

உங்க வீட்டு மீன் வாங்குறவங்ககிட்ட இதைக் காட்டுங்க.