டிரெய்லர் ஓட்ட வந்தவரின் லைசென்ஸில் இரண்டு தேதிகள்

ஓட்டப்பிடாரம் கடைத்தெருவில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். ஆதார் திருத்தம், பட்டா நகல், பரீட்சை விண்ணப்பம் என்று காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிட்டது. தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றும் டிரெய்லர் லாரிகள் வைத்திருக்கும் ஓனர் ஒருவர், வேலை கேட்டு வந்த டிரைவரைக் கையோடு கூட்டி வந்திருந்தார். டிரைவருக்கு முப்பதைக் கொஞ்சம் தாண்டிய வயது. லைசென்ஸ் சரிபார்ப்பதை நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்ததால், மேசைக்குப் பக்கத்திலேயே எனக்கும் ஒரு ஸ்டூல் போட்டுத் தந்தார்கள்.

"கார்டு நல்லாத்தான இருக்கு அண்ணாச்சி, 2034 வரைக்கும் போட்டிருக்கே" என்றார் டிரைவர். ஓனர் பதில் பேசாமல் கார்டை மேசைப் பையனிடம் நீட்டினார்.

பையன் parivahan.gov.in தளத்தில் Know Your Licence Details பக்கத்தைத் திறந்தான். லைசென்ஸ் எண், பிறந்த தேதி, திரையில் தெரியும் எழுத்துகள், இவ்வளவுதான் கேட்கிறது. எண் TN69 என்று தொடங்கியது. TN தமிழ்நாடு, 69 தூத்துக்குடி ஆர்.டி.ஓ. ஆபீஸ். அடுத்த நான்கு இலக்கம் 2014, முதல் லைசென்ஸ் எடுத்த ஆண்டு. கடைசி ஏழு இலக்கம் வரிசை எண். கார்டில் உள்ள ஆபீஸும் ஆண்டும் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று ஒரு நிமிடம் பார்த்தாலே மோசமான போலிகள் பிடிபட்டுவிடும். நல்ல போலி வேறு மாதிரி. வேறொருவருடைய உண்மையான எண்ணின் மேல் தன் படத்தை ஒட்டிக்கொண்டு வருவார்கள். இந்தப் பக்கத்தில் படம் வராது என்பதால் அதை இங்கே கண்டுபிடிக்க முடியாது. அதற்கு டிரைவரின் போனிலேயே டிஜிலாக்கரைத் திறக்கச் சொல்லி, அதில் வரும் லைசென்ஸின் படத்தையும் பெயரையும் பார்க்க வேண்டும். இவருடையது இரண்டு இடத்திலும் ஒத்துப்போனது.

திரையில் Current Status என்ற இடத்தில் ACTIVE என்று வந்தது. டிரைவர் சிரித்தார். பையன் பக்கத்தைக் கீழே இழுத்தான். Non-Transport என்ற வரியில் 2034. அதற்குக் கீழே Transport வரியில் முடிவுத் தேதி 2025 ஆகஸ்ட். அந்தத் தேதி கழிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன.

இந்த இரண்டு வரிகள்தான் விஷயம். சொந்தக் காரும் பைக்கும் ஓட்டுவதற்கான ஆயுள் வேறு, வாடகைக்கும் சரக்குக்கும் ஓடும் வண்டியை ஓட்டுவதற்கான ஆயுள் வேறு. இவர் 2014-ல் கார் லைசென்ஸ் எடுத்தபோது இருபது ஆண்டு கொடுத்தார்கள். 2017-ல் டிரான்ஸ்போர்ட் சேர்த்தார், அப்போது அதற்கு மூன்றே ஆண்டு. 2020-ல் புதுப்பித்தபோது சட்டம் மாறியிருந்தது. 2019 திருத்தத்தால் அது ஐந்து ஆண்டாகிவிட்டது. அந்த ஐந்தும் 2025-ல் முடிந்தது. 2034 என்ற தேதியை நம்பியிருந்தவருக்கு இது தெரியவில்லை. முன்பு தேதி முடிந்தாலும் முப்பது நாள் செல்லும் என்றிருந்த சலுகையையும் அதே திருத்தம் எடுத்துவிட்டது.

"ஆறு மாசமா வேற கம்பெனில இதே கார்டுலதான் ஓட்டினேன், ஒருத்தரும் கேக்கல" என்றார் டிரைவர்.

கேட்காமல் விடுவது ஓனருக்குத்தான் ஆபத்து. செல்லாத லைசென்ஸோடு ஒருவரை வண்டி ஓட்ட விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 180-ஆம் பிரிவின்படி அபராதம் 5,000 ரூபாய். அது சின்னத் தொகை. விபத்தில் ஒருவர் இறந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி அந்தக் குடும்பத்துக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, அதை வண்டி ஓனரிடமிருந்து வசூலித்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கலாம். போலி லைசென்ஸ் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் ஓனர் பக்கம் ஓரளவு இரங்கியிருக்கிறது. பார்வைக்கு உண்மையாக இருக்கும் கார்டைப் பார்த்து, வண்டியை ஓட்டச் சொல்லியும் பார்த்து வேலைக்கு எடுத்தவர், ஒவ்வொரு முறையும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரை போய் விசாரித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என 2013-ல் ஒரு வழக்கில் சொன்னது. ஆனால் கார்டிலேயே தேதி முடிந்திருந்தால் அந்த வாதம் நிற்பது கடினம். அது கண்ணெதிரே இருக்கிறது.

தேதி முடிந்து ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மறுபடி ஓட்டிக்காட்டத் தேவையில்லை. படிவம் 1ஏ-யில் டாக்டர் சான்றிதழோடு புதுப்பிக்கலாம். ஓராண்டு தாண்டினால் திரும்பவும் தேர்வில் வண்டியை ஓட்டிக்காட்ட வேண்டும். இவருக்கு இன்னும் காலம் இருந்தது.

அப்போதுதான் டிரைவர் இன்னொன்றை எடுத்துவிட்டார். துபாயில் ஹெவி டிரைவர் வேலை இருப்பதாக ஏஜென்ட் ஒருவர் சொல்லியிருக்கிறார். "இன்டர்நேஷனல் பர்மிட் எடுத்துட்டா போதும், அங்க போய் நேரா ஓட்டலாம்னாரு."

இந்த வாக்கை நம்பித்தான் இந்தப் பக்கத்துப் பையன்கள் பலர் ஏமாறுகிறார்கள். பர்மிட் உண்மையானதுதான். ஆயிரம் ரூபாய் கட்டணம், பாஸ்போர்ட், விசா நகல் கொடுத்தால் நம் ஆர்.டி.ஓ. ஆபீஸிலேயே தருவார்கள். 1949 ஜெனீவா உடன்படிக்கையின் கீழ் வருவது. ஓராண்டு செல்லும், ஆனால் மூல லைசென்ஸ் அதற்குள் முடிந்தால் பர்மிட்டும் அன்றே முடிந்தது. அது தனி லைசென்ஸ் அல்ல, நம் கார்டைப் பிற நாட்டார் படிப்பதற்கான தாள். சுற்றுலா போகிறவர் அங்கே கார் வாடகைக்கு எடுக்க உதவும். வேலை விசாவில் போய் அமீரகத்தில் குடியிருப்பு அனுமதி வாங்கியவர் அந்நாட்டு லைசென்ஸ்தான் எடுக்க வேண்டும். தேர்வு இல்லாமல் மாற்றிக்கொள்ளும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. கார் லைசென்ஸ் உள்ள இந்தியர், பயிற்சி வகுப்பில் சேராமல் ஒரே ஒரு முறை தேர்வு எழுதிப் பார்க்கும் வசதி துபாயில் உண்டு. அதில் தவறினால் வகுப்புதான். டிரெய்லருக்கு அந்நாட்டுக் கனரகப் பயிற்சியும் தேர்வும். அதன் செலவு யார் தலையில் என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று நான் கேட்டேன். ஏஜென்ட் அதைப் பற்றிப் பேசவே இல்லை என்றார். அந்த ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் eMigrate தளத்தில் தேடிப் பார்க்கலாம். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்.

பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். அதில் இவர் பெயரும் அப்பா பெயரும் முழுதாக இருந்தன. லைசென்ஸில் பெயரும் ஓரெழுத்து இனிஷியலும். நம் ஊரில் இது ஒரு வேறுபாடே இல்லை. வெளிநாட்டு ஆபீஸில் இரண்டு ஆட்கள். பெயர் மாற்றம் Sarathi தளத்தில் தனி விண்ணப்பம். ஊரில் இருக்கும்போதே, புதுப்பித்தலோடு சேர்த்துக் கொடுத்துவிடுவது நல்லது. கப்பலோ விமானமோ ஏறிய பிறகு இங்கே ஒருவரை அலைய விட வேண்டிவரும். புதுக் கார்டில் முதன்முதலில் லைசென்ஸ் கொடுத்த தேதியும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். ஓட்டிய அனுபவத்தை வெளிநாட்டில் அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணுவார்கள். 2014 என்பதற்குப் பதில் 2025 பதிந்துவிட்டால் பத்தாண்டு உழைப்பு கணக்கில் வராது.

"முதல்ல புதுப்பிச்சிட்டு வா தம்பி. இந்த ஸ்கிரீன்ல தேதி மாறட்டும், வண்டி உனக்குத்தான்" என்றார் ஓனர். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். தம்மிடம் ஏற்கெனவே ஓட்டும் மற்ற டிரைவர்களின் லைசென்ஸ் எண்களும் பிறந்த தேதிகளும். பையன் ஒவ்வொன்றாகப் போட்டான். ஆசிட் டேங்கர் ஓட்டுபவரின் எண்ணுக்கு Hazardous Valid Till என்ற மூன்றாவது வரியும் வந்தது. அது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு நாள் மறுபயிற்சி முடித்தால்தான் நீளும். அடுத்த மாதம் முடிகிறது. ஓனர் போனை எடுத்து அங்கேயே அந்த டிரைவரைக் கூப்பிட்டார்.